தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கும்?

கேள்வி: சிறுகதை ஒன்று எழுதுகிறேன். தாத்தா வட ஆற்காட்டுக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் இருந்தவர். அவர் போன பிறகு பேரன் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே மெடல்களும் பழைய கடிதங்களும். வீட்டில் யாரும் சொல்லாத ஒன்று அதிலிருந்து அவனுக்குத் தெரியவர வேண்டும். என்ன மெடல், எப்படிப்பட்ட கடிதம் வைத்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்?

பதில்:

முதலில் வயதைச் சரிபாருங்கள். 1941இல் பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் 1922 வாக்கில் பிறந்திருப்பார். மகன் 1947, பேரன் 1976 என்று வைத்தால், பேரனுக்கு இருபத்திரண்டு வயது ஆகும்போது தாத்தா 76 வயதில் இறக்கிறார். ஆகவே உங்கள் கதை 1998இல் நடக்க வேண்டும். கையில் ஸ்மார்ட்போனோடு வரும் இருபது வயதுப் பையன்தான் வேண்டும் என்றால், தாத்தாவை 1965 அல்லது 1971 போருக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் போர்களின் மெடல்களே வேறு. நீங்கள் பர்மாவைச் சொன்னதால் 1998 என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இணையத்தில் தட்டிப் பார்க்க முடியாத வருடம் என்பது கதைக்கு நல்லதுதான். பையன் கையில் இருப்பதை வைத்தே யோசித்தாக வேண்டும்.

இப்படிப்பட்டவர் பெட்டியில் நியாயமாக இருக்கக்கூடியவை நான்கு மெடல்கள். இரண்டு நட்சத்திரம், இரண்டு வட்டம்.

நட்சத்திரங்கள் இரண்டும் ஆறு முனை கொண்டவை, செம்பு கலந்த மஞ்சள் உலோகம், ஏறக்குறைய நான்கரை சென்டிமீட்டர் உயரம். நடுவில் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள் பின்னிக் கிடக்கும், மேலே கிரீடம், சுற்றிலும் மெடலின் பெயர். ஒன்று 1939-45 ஸ்டார். அதன் ரிப்பன் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டைகள். மற்றது பர்மா ஸ்டார். கருநீல ரிப்பனின் நடுவில் அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்கமும் உள்ள நீலத்தின் நடுவே ஒவ்வொரு ஆரஞ்சுக் கோடு. ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தால் உலோகம் கறுத்த பழுப்பாகியிருக்கும். ‘தங்கம் போல் மின்னியது’ என்று எழுதாதீர்கள்.

வட்ட மெடல்கள் இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்தவை, வெள்ளி போல இருந்தாலும் வெள்ளி அல்ல. பாட்டி அவற்றை வெள்ளி என்று நினைத்து அடகுக்குக் கொண்டுபோய், கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துத் திருப்பித் தந்தார் என்று ஒரு வரி வரலாம், மெடலின் விளிம்பில் அந்தத் தேய்ப்பும் தெரியலாம். ஒன்று வார் மெடல் 1939-45. பின்பக்கம் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகன்மேல் ஏறி நிற்கும். இன்னொன்று இந்தியா சர்வீஸ் மெடல். பின்பக்கம் இந்தியாவின் வரைபடம், மேலே நாட்டின் பெயர், கீழே 1939-45. 1998இல் அந்த வரைபடத்தைப் பார்க்கிற பேரனுக்கு அதில் பாகிஸ்தான் எல்லைக்கோடு இல்லாதது கண்ணில் படாமல் போகாது. அதை எழுதலாம், விளக்கம் சொல்ல வேண்டாம்.

இந்த நான்கில் ஒன்றுகூட வீரச் செயலுக்காகக் கொடுத்ததில்லை. நிறையக் கதைகள் தடுக்கி விழுவது இங்கேதான். நான்கு மெடலைப் பார்த்ததும் ‘நான்கு முறை வீரம் காட்டியவர்’ என்று பேரன் நினைப்பது இயல்பு, அவன் நினைக்கட்டும். ஆனால் எழுதுகிற நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது. ஒருவர் எங்கே இருந்தார், எத்தனை நாள் இருந்தார் என்பதற்காக எல்லாருக்கும் கொடுத்தவை இவை. வீரத்துக்கு என்றால் மிலிட்டரி மெடல், இந்திய சிறப்புச் சேவை மெடல் போன்றவை இருக்க வேண்டும். அதற்கும் கீழே ஒரு படி உண்டு: தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால் வார் மெடலின் ரிப்பனில் ஒரு சின்ன வெண்கல ஓக் இலை குத்தியிருக்கும். அதை வைத்தால் கதை வேறு திசைக்குப் போய்விடும். வைக்க வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் சாதாரண மெடலில்தான் கணக்கு இருக்கிறது. 1939-45 ஸ்டார் வாங்கப் பொதுவாக ஆறு மாதம் போர்முனைச் சேவை வேண்டும். வார் மெடலுக்கு 28 நாள் போதும். இந்தியா சர்வீஸ் மெடலுக்கோ, போர்முனை அல்லாத இடத்தில், இந்தியாவுக்குள், மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் காலம் 1945 செப்டம்பர் 2 வரைதான். இப்போது கூட்டிப் பாருங்கள். போர்முனையில் ஆறு மாதம், போர்முனைக்கு வெளியே மூன்று வருடம். இரண்டும் ஒரே நாட்களாக இருக்க முடியாது. 1945 செப்டம்பரிலிருந்து மூன்றரை வருடம் பின்னால் போனால் 1942 மார்ச். நான்கு மெடலும் ஒருவரிடம் இருந்தால், அவர் அதற்குள் பட்டாளத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டிய ரகசியத்தை இந்தக் கணக்குக்குள் வைக்கலாம். வீட்டில் சொல்லப்படும் கதை: ‘கல்யாணம் ஆனபோது தாத்தா பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்தார், கல்யாணம் ஆகி ஒரு வருடம் கழித்துத்தான் பட்டாளத்துக்குப் போனார்.’ கல்யாணம் 1943 வைகாசி. பத்திரிகையும் பெட்டியில் இருக்கிறது. மெடல் சொல்வது: கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே அவர் சிப்பாய். மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம் பெங்களூர், சாப்பர்கள் இருப்பது ‘கம்பெனி’ என்ற படைப்பிரிவுகளில். மாப்பிள்ளை வீட்டார் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். சண்டை நடக்கிற காலத்தில் பட்டாளத்தானுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? லீவில் வந்து தாலி கட்டி, லீவு முடிந்து ‘கம்பெனிக்கு’ திரும்பிவிட்டார். பாட்டிக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் உங்கள் கதை. அதைக் கடிதங்கள் சொல்ல வேண்டும்.

கடிதங்களுக்கு வருமுன் பர்மா ஸ்டாரைப் பற்றி ஒன்று. அது இருந்தால் அவர் பர்மாவுக்குள் போனார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. 1942 மே முதல் 1943 கடைசி வரை வங்காளம், அஸ்ஸாம் மாகாணங்களில் போர்ச்சேவையில் இருந்தவர்களுக்கும், 1944 முதல் அந்த மாகாணங்களில் குறிப்பிட்ட சில பகுதிகளில் இருந்தவர்களுக்கும் அது உண்டு. திமாப்பூர், கோஹிமா, இம்பால் சாலையில் மண்வெட்டியோடு நின்ற சாப்பருக்கும் அதே நட்சத்திரம்தான். 1944 மார்ச் கடைசியில் அந்தச் சாலை அடைபட்டு, ஜூன் 22 அன்றுதான் திறந்தது. அதன் பிறகு மழையில் சரிந்துகொண்டே இருந்த சாலையைப் பிடித்து நிறுத்துவது சாப்பர்களின் வேலை. ஜப்பான்காரனைக் கண்ணால் பார்க்காமல் மண்ணோடு சண்டை போட்டவர் என்று வைத்தால் வீட்டுக் கதை இன்னொரு இடத்திலும் உடையும். பர்மாவுக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல், துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கோக்கும் பெய்லி பாலம் போட்டதைச் சேர்க்கலாம். என் விருப்பம் சாலைதான்.

கடிதங்களில் முதலில் கேட்க வேண்டியது, அவை யார் பெட்டியில் இருந்தன என்பது. தாத்தா எழுதியவை ஊருக்கு வந்து பாட்டியிடமோ கொள்ளுத்தாத்தாவிடமோ சேர்ந்தவை. ஊரிலிருந்து போனவைதான் தாத்தாவிடம் இருந்திருக்கும், அவையும் அஸ்ஸாம் மழையில் தப்பியிருக்க வேண்டும். ஆக, தாத்தாவின் பெட்டியில் தாத்தா எழுதிய கடிதங்கள் கிடந்தால், வீட்டிலிருந்த யாரோ அவற்றைச் சேர்த்து வைத்து, பின்னால் அந்தப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். பல கதைகள் இதைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் கவனித்தால், போட்டது யார் என்ற கேள்வியே பாட்டியைக் கதைக்குள் கொண்டுவந்துவிடும்.

அவர் மனைவிக்கு நேரடியாக எழுதியிருக்க மாட்டார். கடிதம் அப்பா பெயருக்கு வரும், மனைவியின் பெயரே இருக்காது. எழுதியவரும் அவராக இல்லாமல் இருக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கம்பெனியில் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதித் தருவார். இரண்டு கடிதத்தில் இரண்டு கையெழுத்து இருப்பது பேரனை முதலில் குழப்பும், பிறகு புரியும். நடை இப்படி இருக்கலாம்:

“மகாராஜராஜஸ்ரீ தகப்பனார் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். உபயக்ஷேமம். இவ்விடம் நான் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அம்மாவும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாய் இருப்பதற்கு எழுதவும். இங்கு மலை நம் ஜவ்வாது மலையைப் போல் இரண்டு பங்கு. மழை நின்றபாடில்லை. சென்ற மாதம் மணியார்டர் ரூ. 15 அனுப்பினேன், வந்ததா என்று தெரியவில்லை. கிழக்குப் பக்க நிலத்தில் கேழ்வரகு போட வேண்டாம். லீவு இப்போது கிடைக்காது. வீட்டில் கேட்டதற்கு என்ன சொல்வது என்று தாங்களே பார்த்துச் சொல்லவும்.”

கடைசி வரியில் ‘வீட்டில்’ என்பது மனைவி. அவள் ஏதோ கேட்டிருக்கிறாள், பதில் சொல்லும் பொறுப்பை அவர் அப்பா தலையில் கட்டுகிறார். இதற்கு மேல் கடிதத்தில் வெளிப்படையாக எதுவும் வர வேண்டியதில்லை. ரூ. 15 என்பது நான் கதைக்காகப் போட்ட தொகை, உங்கள் கதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர் இருக்கும் இடத்தின் பெயர் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது. ராணுவக் கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள். இடம், படைப்பிரிவின் நடமாட்டம், ஆட்சேதம் எதையும் எழுத முடியாது. எழுதியிருந்தால் அந்த வரியை மையால் அடித்திருப்பார்கள், அல்லது கத்தரியால் வெட்டியிருப்பார்கள். வெட்டினால் பின்பக்கத்தில் இருந்த வரியும் சேர்ந்து போகும். பின்பக்கத்தில் போனது குடும்ப விஷயமாக இருந்தால் கதைக்கு நல்ல ஓட்டை கிடைக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் கடிதம் தமிழ் தெரிந்த தணிக்கையாளரிடம் போய்த்தான் வரும், அதனால் இன்னும் தாமதமாகும். ‘இம்பாலில் இருக்கிறேன், நேற்று ஜப்பான்காரர்கள் தாக்கினார்கள்’ என்று சாப்பர் எழுதி, அது அப்படியே ஊர் வந்து சேர்ந்தது என்று வைத்தால் விவரம் தெரிந்தவர் அந்த இடத்தில் கதையை மூடிவிடுவார். ஜவ்வாது மலை தணிக்கையில் தப்பும். ஆனால் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று புரிந்துவிடும்.

உறையின் மேல் இருக்கும் முத்திரையிலும் ஊர் இருக்காது. களத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும், தேதி இருக்கும். ஒரே எண் கொண்ட தபால் நிலையம் படையோடு சேர்ந்து நகரும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து இடம் சொல்ல முடியாது, தேதியும் வேண்டும். தபால்தலை சேகரிப்பவர்களிடம் இதற்கான பட்டியல்கள் உண்டு. 1998இல் ஒரு பேரன் உண்மையாகவே போய் நிற்கக்கூடிய இடம், அப்படி ஒரு சேகரிப்பாளரின் வீட்டு வாசல். ஒன்று கவனம்: 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி நம் எல்லார் காதிலும் விழுந்தது, ஆனால் அது 1948இல் வந்தது. 1944 கடிதத்தில் அதைப் போட்டால் அதுவே பெரிய பிழை.

அதே வகைப் பிழைகள் இன்னும் சில. ‘நாயிப் சுபேதார்’ என்ற பதவிப் பெயர் 1965இல்தான் வந்தது, அதற்கு முன் அது ஜமேதார். சாப்பர், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று ஏறும். போர்க்காலக் கடிதத்தில் ‘எனக்கு மெடல் கொடுத்தார்கள்’ என்று எழுத முடியாது. பர்மா ஸ்டாரை அறிவித்ததே 1945 மே மாதம், வார் மெடல் அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியா சர்வீஸ் மெடல் 1946 ஜூனில். மெடல் கைக்கு வந்தபோது பலர் ஊர் திரும்பி ஏர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மார்பில் குத்திக்கொண்டு எடுத்த போட்டோ இல்லாமல் இருப்பதும், ரிப்பன் தனியாக மெடல் தனியாகக் கிடப்பதும்தான் நம்பும்படி இருக்கும்.

தேதியிலும் ஒரு வசதி இருக்கிறது. ஊரிலிருந்து எழுதியவர்கள் ஆங்கிலத் தேதி போடாமல் தமிழ் வருடம் போட்டிருக்கலாம். சித்திரபானு 1942 ஏப்ரலில் தொடங்குகிறது, சுபானு 1943இல், தாரண 1944இல், பார்த்திப 1945இல். ‘தாரண ஆவணி 12’ என்றால் 1944 ஆகஸ்ட் கடைசி வாரம். பேரனுக்கு இது தெரியாது, பஞ்சாங்கம் பார்க்கிற யாரையாவது கேட்க வேண்டும். தாத்தா பெயருக்கு, பெங்களூர் சாப்பர்ஸ் முகவரிக்கு, ‘விஷு மாசி’ என்று தேதியிட்ட ஒரு கடிதத்தை அடியில் வையுங்கள். விஷு மாசி என்பது 1942 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. மெடல் கணக்குச் சொன்ன அதே எல்லை. மெடல் கணக்கு வாசகருக்குச் சிக்கலாகத் தோன்றினாலும் இந்த ஒரு கடிதம் அதை உறுதி செய்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைப்பேன் என்றால் கடிதத்தை வைத்து, கணக்கை விட்டுவிடுங்கள்.

பெட்டியின் உள்நிலையைப் பற்றி. தகர டிரங்கின் அடியில் துரு ஏறும், துரு காகிதத்துக்குப் பரவும். கடிதங்களைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தால் அந்த இடத்தில் பழுப்பு வளையமும் ஓட்டையும் இருக்கும். பேனா மை தண்ணீர் பட்டால் கரையும். மை பென்சிலில் எழுதியது, ஈரம் பட்ட இடத்தில் மட்டும் ஊதாவாக மாறியிருக்கும். மடிப்பில்தான் காகிதம் முதலில் பிய்யும், ஆகவே அழியும் வரிகள் எப்போதும் மடிப்பின் மேலே அமைந்த வரிகள். எந்த வரி படிக்க முடியாமல் போகிறது என்பதை நீங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பார்த்து, எந்த வரி மடிப்பில் விழுகிறதோ அதையே அழியுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பேரன் பிரித்து இழுத்தால் மேல்தாளின் எழுத்து கீழ்த்தாளில் ஒட்டிக்கொள்ளும். அவசரக்காரப் பையன் என்று காட்ட அது ஒன்று போதும். மெடலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க நினைக்கிற ஒரு அத்தையையும் சேர்க்கலாம், அவளைத் தடுக்கக் காரணம் இருக்கிறது.

இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களின் பின்பக்கத்திலும் வட்ட மெடல்களின் விளிம்பிலும் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் அடித்திருக்கும். பிரிட்டனில் கொடுத்த நட்சத்திரங்கள் பெயர் இல்லாமல் வந்தவை. தேய்த்தால் முதலில் மறைவது இந்த எழுத்துதான். பெயரைவிட அந்த எண்தான் முக்கியம், ஏனென்றால் அதே பெயரில் இன்னொரு சாப்பர் இருந்திருப்பார், அதே எண்ணில் இருந்திருக்க மாட்டார். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு வீட்டு ஆவணத்தோடு ஒத்துப்போகாது, அதை மர்மமாக்க வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் சான்றிதழைப் பெட்டியில் வைக்காதீர்கள். அதில் சேர்ந்த தேதி நேரடியாக எழுதியிருக்கும், பேரனுக்குச் செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. அது எங்கே போனது என்றும் காரணம் சொல்ல வேண்டும்: முன்னாள் படைவீரர் உதவிக்காக எப்போதோ அலுவலகத்தில் கொடுத்தது, திரும்பி வரவில்லை. இந்தக் காரணத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். அதன் பிறகு பையனுக்கு இருக்கும் ஒரே வழி, மெடல் விளிம்பில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸின், ஆவணப் பிரிவுக்கு எழுதுவது. ஒருவேளை மிலிட்டரி மெடல் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கான பரிந்துரைத் தாள்கள் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் WO 373 என்ற தொகுப்பில் இருக்கின்றன. உங்கள் சாப்பருக்கு அது வேண்டியதில்லை.

பெங்களூரிலிருந்து பதில் வருவதற்குள் கதை முடிந்துவிடலாம். வந்தாலும் பாட்டி உயிரோடு இருக்கும்போதே வர வேண்டும், அவள் கையில் கொடுக்க வேண்டும். படிக்கச் சொல்லி அவள் கேட்பாளா, கேட்காமல் பெட்டிக்குள் வைப்பாளா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ‘வீட்டில் கேட்டதற்கு’ என்ற வரி 1944 ஆகஸ்டுக் கடிதத்தில் இருந்தால், அவளுக்கு அப்போதே தெரியும். பேரன் ஐம்பத்து நான்கு வருடம் தாமதமாகக் கண்டுபிடித்ததை அவளிடம் சொல்லும்போது அவள் முகத்தில் ஆச்சரியம் எழுதிவிடாதீர்கள்.